கடைக்கு ஒரு எஸ்எஸ்எல்: இலவசமா, விலைக்கா?

கரூரில் படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு விற்கும் ஒரு சின்னக் கடையை வைத்துக்கொள்வோம். கடைக்கு வருகிற வாடிக்கையாளர் போக, இணையதளம் வழியாகவும் ஆர்டர் வருகிறது. பணம் பேமெண்ட் கேட்வே மூலம் வங்கிக் கணக்குக்கு வந்து சேருகிறது. தளத்தைப் புதுப்பித்துத் தருகிறேன் என்று வந்தவர் ஒரு கொட்டேஷன் கொடுக்கிறார். டொமைன், ஹோஸ்டிங், வடிவமைப்பு என்று ஒவ்வொன்றாகப் போட்டு, கடைசி வரியில் "SSL Certificate (OV) – 1 Year" என்று எழுதி, எதிரே ஒரு தொகையையும் போட்டிருக்கிறார்.

"இது சும்மாவே கிடைக்குமாமே?" என்கிறார் கடைக்காரர்.

"கிடைக்கும் சார். ஆனா அது கதை கட்டுரை எழுதுறவங்களுக்கு. பணம் வாங்குற சைட்டுக்கு இதுதான் சேஃப்."

தமிழ்நாட்டில் தளம் வைத்திருக்கும் சிறு வியாபாரிகள் பலர் கேட்டிருக்கக்கூடிய பதில்தான் இது. இதில் எது உண்மை, எது விற்பனைப் பேச்சு என்று பிரித்துப் பார்க்க, அந்தச் சான்றிதழைக் கொடுப்பவர்கள் கொடுப்பதற்கு முன்னால் எதைச் சரிபார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

யார் எதைப் பார்க்கிறார்கள்

தளத்தின் முகவரி https என்று தொடங்க வேண்டுமானால் அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். எஸ்எஸ்எல் என்பது பழைய பெயர். இன்று உள்ளே ஓடுவது டிஎல்எஸ் என்ற அதன் வாரிசு. பெயர் மட்டும் பழையபடி நிலைத்துவிட்டது. சான்றிதழ் இரண்டு வேலை செய்கிறது. வாடிக்கையாளரின் போனுக்கும் கடையின் சர்வருக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்க உதவுகிறது. மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே அந்த முகவரிக்கு உரிய சர்வர்தான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்கிறது.

விற்பனைப் பக்கங்களில் DV என்று போட்டிருப்பது டொமைனை மட்டும் சரிபார்த்துத் தரும் சான்றிதழ். விண்ணப்பிப்பவரின் கையில் அந்த டொமைன் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்குச் சான்றிதழ் நிறுவனத்தின் கணினி ஒரு குறியீட்டைக் கொடுத்து, "இதை உன் தளத்தில் இன்ன இடத்தில் வை" என்கிறது. வழக்கமாக அந்த இடம் `/.well-known/acme-challenge/` என்ற ஃபோல்டர். பிறகு அதுவே வந்து எடுத்துப் பார்க்கும். குறியீடு அங்கே இருந்தால் சான்றிதழ் தயார். தளத்தில் வைக்க முடியாவிட்டால் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு வரி சேர்த்தும் காட்டலாம். மனிதர் யாரும் தலையிடுவதில்லை. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

OV என்பது நிறுவனத்தையும் சரிபார்த்துத் தருவது. டொமைன் சோதனை இதிலும் உண்டு. அதற்கு மேல், இந்தப் பெயரில் சட்டப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா, முகவரி சரியா, விண்ணப்பித்தவர் அந்த நிறுவனத்தின் சார்பில்தான் கேட்கிறாரா என்று ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பது முதல் வகை என்றால், பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்பது இரண்டாவது வகை.

மறைப்பின் பலத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ரகசியச் சாவி கடையின் சர்வரிலேயே உருவாகிறது. சான்றிதழ் நிறுவனம் அதைப் பார்ப்பதுகூட இல்லை. எந்த முறையில் மறைப்பது என்பதைச் சர்வரும் பிரவுசரும் அந்த நேரத்தில் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. பணம் கொடுத்து வாங்கியதால் அதன் பலம் ஒரு பிட்கூடக் கூடுவதில்லை. "பணம் வாங்குற சைட்டுக்கு இதுதான் சேஃப்" என்ற வாக்கியம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

இலவசம் என்பது பரவலானதே அண்மைக்காலத்தில்தான். அமெரிக்காவில் உள்ள ஐஎஸ்ஆர்ஜி என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு, மொசில்லா, இஎஃப்எஃப், மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்றவர்களின் துணையோடு 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற சேவையை 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. அதற்கு முன்னால் சின்னத் தளம் வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒவ்வோர் ஆண்டும் பணம் கட்டி, கோப்புகளைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தார். இவர்கள் செலவையும் எடுத்தார்கள். கை வேலையையும் எடுத்தார்கள். டொமைன் சோதனையை முழுக்க இயந்திரத்திடம் விட்டதால்தான் இலவசமாகக் கொடுக்க முடிந்தது. நிறுவனத்தைச் சரிபார்க்க ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதனால் லெட்ஸ் என்க்ரிப்ட் OV கொடுப்பதே இல்லை.

கடைக்காரர் கவனிக்க வேண்டிய மூன்றாவது சரக்கு ஒன்றும் சந்தையில் உண்டு: காசுக்கு விற்கும் DV. பெட்டி அழகாக இருக்கும், பெயர் பெரிதாக இருக்கும், உள்ளே நடப்பது அதே ஒரு நிமிடச் சோதனைதான். இலவசச் சான்றிதழைத் தானாகவே போட்டுத் தரும் வசதியைத் தராமல், இதைத் தனியாக விற்கும் ஹோஸ்டிங் திட்டங்களும் இருக்கின்றன. கொட்டேஷனில் "Premium SSL" என்று மட்டும் இருந்தால், DV-யா OV-யா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வாடிக்கையாளர் கண்ணில் என்ன தெரியும்

OV-க்குக் கொடுக்கும் பணம் மறைப்புக்கு இல்லை, சான்றிதழுக்குள் எழுதப்படும் பெயருக்கு. அப்படியானால் அந்தப் பெயரை யார் படிக்கிறார்கள்?

கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து ஏதாவது ஒரு தளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னக் குறியை அழுத்தினால் `Connection is secure` என்று வரும். அதை அழுத்தினால் `Certificate is valid`. அதையும் அழுத்தினால்தான் சான்றிதழ் திறக்கும். OV என்றால் `Organization (O)` என்ற வரிக்கு நேரே நிறுவனத்தின் பெயர் இருக்கும். DV என்றால் அந்த இடத்தில் `<Not Part Of Certificate>` என்று இருக்கும். இரண்டு வகைக்கும் இடையே வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய வேறுபாடு இந்த ஒரு வரிதான். மூன்று அழுத்தல் தாண்டி உள்ளே ஒளிந்திருக்கிறது. மேலே, முகவரிப் பட்டையில், இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும்.

இதே சோதனையை கூகுள் தளத்திலேயே செய்து பார்க்கலாம். அங்கே நிறுவனத்தின் பெயர் இருக்காது. `*.google.com` என்ற டொமைன் பெயர் மட்டும்தான் இருக்கும். அவர்களே டொமைன் சோதனையோடு நிறுத்திக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு காலத்தில் நிறுவனப் பெயரை வெளியே காட்டும் ஏற்பாடும் இருந்தது. OV-யைவிடக் கடுமையான சோதனை செய்து, அதைவிட அதிக விலைக்கு விற்கப்படும் EV என்ற மூன்றாவது வகைக்கு, முகவரிப் பட்டையிலேயே பச்சை நிறத்தில் நிறுவனத்தின் பெயரைக் காட்டினார்கள். இயன் கேரல் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2017-ல் அதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனம் உலகம் அறிந்தது. அவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 'ஸ்ட்ரைப், இன்க்' என்று அதே பெயரில் சட்டப்படி ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். அதற்கு 100 டாலர். அந்தப் பதிவைக் காட்டி EV சான்றிதழ் வாங்கினார். அதற்கு 77 டாலர். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே தன் உழைப்பு போனதாக அவர் எழுதினார். அவருடைய தளத்தில் பச்சைப் பட்டையில் "Stripe, Inc" என்று மின்னியது. அன்றைய சஃபாரி பிரவுசரில் டொமைன் முகவரியே மறைந்து, இந்தப் பெயர் மட்டும்தான் தெரிந்தது.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்தப் பெயரில் அவருக்கு உண்மையிலேயே ஒரு நிறுவனம் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு மாநிலத்தில் இரண்டு நிறுவனம் இருக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. வாடிக்கையாளருக்கு அது தெரியாது. பிறகு கூகுளின் ஆய்வும், இந்தப் பச்சைப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பயனாளர்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள் என்று காட்டியது. 2019 செப்டம்பரில் குரோமும் அடுத்த மாதம் ஃபயர்ஃபாக்ஸும் அந்தப் பெயரை முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டன. 2023-ல் குரோம் பூட்டுச் சின்னத்தையே மாற்றியது. அந்தச் சின்னத்தின் சரியான பொருள், தாங்கள் 2021-ல் நடத்திய ஆய்வில் 11 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்திருந்தது என்று கூகுள் காரணம் சொன்னது. பூட்டு இருந்தால் தளம் நம்பகமானது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, "OV போட்டால் வாடிக்கையாளர் நம்பி வாங்குவார்" என்ற வாதமும் நிற்பதில்லை. அவர் பார்க்க வழியில்லாத ஒன்று அவருக்கு நம்பிக்கை தர முடியாது. கூடவே கொடுக்கப்படும் 'சைட் சீல்' என்ற முத்திரைப் படமும் அப்படித்தான். அது ஒரு படம். மோசடிக்காரரும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

விற்பவர் கடைசியாகக் காட்டுவது 'வாரண்டி'. லட்சக்கணக்கான டாலர் என்று அச்சிட்டிருப்பார்கள். விதிமுறைகளைப் படித்தால், சான்றிதழ் நிறுவனம் தவறான ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்து, அதை நம்பிப் பணம் இழந்த பார்வையாளருக்கான ஏற்பாடு அது என்று தெரியும். கரூர் கடையின் தளத்தை யாராவது ஹேக் செய்தால் கடைக்காரருக்கு அதிலிருந்து எதுவும் வராது.

போலித் தளங்கள் பற்றிய பயம் நியாயமானதுதான். கடையின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வேறு டொமைன் வாங்கி, அதற்கு இலவசச் சான்றிதழும் போட்டுக்கொண்டு யாராவது ஏமாற்றலாம். ஆனால் உண்மையான கடை OV வாங்கியதால் அந்தப் போலித் தளம் நின்றுவிடாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. குரோம் போன்ற பிரவுசர்கள் ஏற்க வேண்டுமானால் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏற வேண்டும் என்பது 2018 முதல் நடைமுறை. `crt.sh` என்ற தளத்தில் கடையின் டொமைனைத் தட்டினால் அதற்கு இதுவரை வழங்கப்பட்ட சான்றிதழ்கள் தேதியோடு வரிசையாக வரும். நாம் கேட்காத சான்றிதழ் ஏதாவது இருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஓர் எழுத்து மாறிய பெயர்களையும் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் கட்டணமில்லை.

OV வாங்கப் போனால்

சரி, வாங்கித்தான் பார்ப்போம் என்று கடைக்காரர் முடிவு செய்தால் என்ன நடக்கும்? பணம் கட்டியவுடன் கிடைத்துவிடாது. முதல் சிக்கல் பெயரில் வரும். தனிநபர் உரிமைக் கடைகளின் ஜிஎஸ்டி சான்றிதழில் இரண்டு பெயர் இருக்கும். சட்டப் பெயர் என்ற இடத்தில் உரிமையாளரின் சொந்தப் பெயர். வணிகப் பெயர் என்ற இடத்தில் போர்டில் எழுதியிருக்கும் கடைப் பெயர். விண்ணப்பத்தில் கடைப் பெயரை மட்டும் எழுதினால், அந்தப் பெயரில் பதிவான நிறுவனம் எங்கே என்று சரிபார்ப்பவர் கேட்பார். பிரைவேட் லிமிடெட் என்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் பதிவில் பெயர் நேராகக் கிடைத்துவிடும். தனிநபர் கடைக்கு ஜிஎஸ்டி சான்றிதழ், உத்யம் பதிவு என்று ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியிருக்கும்.

அடுத்தது முகவரி. ஜிஎஸ்டியில் பழைய கடையின் கதவு எண், இணையதளத்தில் புதிய கடையின் கதவு எண், விண்ணப்பத்தில் வீட்டு முகவரி என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று முறை மின்னஞ்சல் போய் வரும்.

அதற்கும் அடுத்தது போன் அழைப்பு. விண்ணப்பத்தில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த எண்ணுக்கு அவர்கள் கூப்பிட மாட்டார்கள். அரசுப் பதிவிலோ, அவர்கள் ஏற்கும் வணிகத் தொகுப்பிலோ இருக்கும் எண்ணுக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த எண், நான்கு வருடம் முன்னால் பதிவு செய்து கொடுத்த ஆடிட்டர் அலுவலகத்தினுடையதாக இருந்தால் அழைப்பு அங்கேதான் போகும். வெளிநாட்டு எண்ணிலிருந்து ஆங்கிலத்தில் யாரோ கடைப் பெயரைச் சொல்லி விசாரித்தால், மோசடிக்காரர் என்று நினைத்துக் கட் செய்துவிடுவார்கள். கோப்பு அங்கேயே நிற்கும். எல்லாம் பொருந்திவந்தால் இரண்டு மூன்று நாளில் முடியும் வேலை, பொருந்தாவிட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. டெண்டர் போடவும், கம்பெனிக் கணக்குத் தாக்கல் செய்யவும் பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழை ஆடிட்டர்கள் வாங்கித் தருவார்கள். அது ஆளின் கையெழுத்துக்கு. இணையதளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒன்றை வாங்கியதால் மற்றது வந்துவிடாது.

உண்மையில் தளம் நிற்பது எதனால்

சின்னத் தளங்களில் சான்றிதழால் வரும் நஷ்டம் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருகிறது: காலாவதி. தேதி முடிந்த மறுநொடி பிரவுசர் `Your connection is not private` என்று முழுப் பக்க எச்சரிக்கை போட்டு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிவிடும். OV-யோ DV-யோ, தேதி முடிந்தால் எல்லாம் ஒன்றுதான். 2020 பிப்ரவரி 3 அன்று மைக்ரோசாஃப்டின் டீம்ஸ் சேவை சில மணி நேரம் முடங்கியதற்குக் காரணம், புதுப்பிக்க மறந்த ஒரு சான்றிதழ். 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்கு மொபைல் டேட்டா நின்றது. இரண்டும் பணத்துக்குப் பஞ்சமில்லாத நிறுவனங்கள்.

லெட்ஸ் என்க்ரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாளுக்கானது. 30 நாள் மீதி இருக்கும்போதே மென்பொருள் தானாகப் புதிதை வாங்கிப் போட்டுக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பொதுவான ஹோஸ்டிங்கில் சிபேனல் வசதி இருந்தால் அதில் `SSL/TLS Status` என்ற பக்கத்தில் ஒவ்வொரு டொமைனுக்கும் எதிரே முடிவுத் தேதி தெரியும். `Run AutoSSL` என்ற பொத்தானும் அங்கேயே இருக்கும். சொந்த சர்வர் என்றால் செர்ட்பாட் என்ற மென்பொருளை வைத்திருப்பார்கள். அது நிஜமாகவே புதுப்பிக்குமா என்று ஒத்திகை பார்க்க இரண்டு வரி போதும்:

```
sudo certbot certificates
sudo certbot renew --dry-run
```

முதல் வரி என்னென்ன சான்றிதழ் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று சொல்லும். இரண்டாவது, உண்மையில் எதையும் மாற்றாமல் புதுப்பித்தலை நடத்திக் காட்டும்.

ஒத்திகை தோற்றால் காரணம் வழக்கமாகச் சிலவற்றில் ஒன்றாக இருக்கும். தளத்தை வேறு ஹோஸ்டிங்குக்கு மாற்றும்போது டிஎன்எஸ்ஸில் IPv4 முகவரியை மாற்றிவிட்டு, `AAAA` என்ற IPv6 வரியைப் பழைய சர்வருக்கே விட்டிருப்பார்கள். IPv4 வழியாக வரும் பார்வையாளருக்குத் தளம் நன்றாகத் திறக்கும். ஆனால் லெட்ஸ் என்க்ரிப்ட் IPv6 இருந்தால் அதைத்தான் முதலில் நாடும். பழைய இடத்துக்குப் போய், குறியீடு இல்லை என்று திரும்பிவிடும். இன்னொன்று, இந்தியாவில்தான் விற்கிறோம் என்று வெளிநாட்டு ஐபி முகவரிகளையெல்லாம் ஃபயர்வாலில் அடைப்பது. டொமைன் சோதனை உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நடப்பதால், அடைத்த கதவில் அதுவும் மோதி நிற்கும்.

மூன்றாவது வகை, கண்டுபிடிக்கச் சற்றுக் கடினம். செர்ட்பாட் புதிய சான்றிதழை வாங்கி டிஸ்க்கில் வைத்துவிட்டது. ஆனால் வெப் சர்வர் மென்பொருள் அதைத் திரும்பப் படிக்கவில்லை. அதனால் நினைவில் இருக்கும் பழையதையே வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். `certbot certificates` கட்டளை இன்னும் 60 நாள் இருக்கிறது என்று சொல்லும். பிரவுசர் நாளையோடு முடிகிறது என்று சொல்லும். சர்வர் வெளியே என்ன கொடுக்கிறது என்பதை இப்படிப் பார்க்கலாம்:

```
openssl s_client -connect example.com:443 \
  -servername example.com </dev/null 2>/dev/null \
  | openssl x509 -noout -subject -issuer -enddate
```

`example.com` இருக்கும் இடத்தில் கடையின் டொமைனைப் போட வேண்டும். வரும் `notAfter` தேதிதான் வாடிக்கையாளர் பார்க்கும் தேதி. அதற்கும் செர்ட்பாட் சொல்லும் தேதிக்கும் பொருந்தவில்லை என்றால், புதுப்பித்ததும் சர்வரை ரீலோடு செய்யும்படி `--deploy-hook` சேர்க்கவில்லை என்று அர்த்தம். அதே விடையில் `subject` வரியைப் பார்த்தால் `CN` மட்டும் இருந்தால் DV. `O` என்று நிறுவனப் பெயரும் இருந்தால் OV. பணம் கட்டியவர், தான் கேட்டதுதான் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் இது உதவும்.

முடியப் போகிறது என்று லெட்ஸ் என்க்ரிப்ட் முன்பு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தது. 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. எனவே தேதியைக் கவனிக்க வேறு ஓர் ஏற்பாடு வேண்டும். தளம் திறக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் கண்காணிப்புச் சேவைகளில் சான்றிதழ்த் தேதியையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

பெரிய நிறுவனத்திடம் வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் வராது என்பதற்கும் உத்தரவாதமில்லை. என்ட்ரஸ்ட், பல ஆண்டுகளாக விலைக்குச் சான்றிதழ் விற்றுவந்த பழம்பெரும் பெயர். விதிமீறல்களைத் திருத்திக்கொள்வதில் முன்னேற்றம் இல்லை என்று சொல்லி, அதன் புதிய சான்றிதழ்களை இனி ஏற்பதில்லை என்று குரோம் 2024 ஜூனில் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அப்படியானால் OV யாருக்கு?

சான்றிதழைத் திறந்து நிறுவனப் பெயரைப் படிக்கும் ஒருவர் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இருக்கிறது. கரூர் கடைக்கே அப்படி ஒரு சந்தர்ப்பம் வரலாம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உள்ள ஒரு பெரிய கடைத்தொடர், சரக்கு வாங்குவதற்கு முன் சப்ளையர்களிடம் பாதுகாப்புக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்கிறது. அதில் "நிறுவனம் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ்" என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஆர்டருக்கான செலவாக அதை எழுதிக்கொள்ளலாம். ஆனால் வரியை நன்றாகப் படிக்க வேண்டும். பொதுவாக நம்பப்படும் நிறுவனம் வழங்கிய, செல்லுபடியாகும் சான்றிதழ் என்று மட்டும் இருந்தால் இலவசமே அதைப் பூர்த்தி செய்கிறது. சந்தேகமிருந்தால் வாங்குபவரிடமே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

சில அரசு, வங்கி ஒப்பந்தங்களிலும் இந்த நிபந்தனை வரலாம். இரண்டு நிறுவனங்களின் சர்வர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசும்போது, எதிர்ப்பக்கச் சான்றிதழில் நிறுவனப் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. சிக்கல் என்றால் போனில் பேச ஓர் ஆள் வேண்டும் என்று நினைப்பவருக்கும் பணம் கட்டுவதில் பொருள் இருக்கிறது. லெட்ஸ் என்க்ரிப்டைப் போனில் கூப்பிட முடியாது.

இந்த நிலைமை எதுவும் இல்லாத கரூர் கடைக்குக் கணக்கு எளிது. பணம் வாங்கும் பக்கம் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் தளத்தில் திறக்கிறது. அட்டை எண் கடையின் சர்வருக்கு வருவதே இல்லை. கார்டு நிறுவனங்களின் பிசிஐ விதிகள் வலுவான மறைப்பைக் கேட்கின்றன. OV வேண்டும் என்று கேட்பதில்லை. இலவசச் சான்றிதழைப் போட்டு, `www` உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, புதுப்பித்தல் ஒத்திகையை ஒரு முறை நடத்தினால் வேலை முடிந்தது. கொட்டேஷனில் அந்த வரியை அடித்துவிட்டு, "சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்து, ஒத்திகை காட்ட வேண்டும்" என்று எழுதச் சொல்லலாம். அதற்கு ஒரு தொகை கேட்டால் கொடுப்பது நியாயம்.

OV வாங்கியே தீர வேண்டியவர்கள் ஒரு கால அட்டவணையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில், ஆப்பிள் கொண்டுவந்த ஒரு தீர்மானத்தை ஏற்றது. 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாளாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாளாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாளாகவும் குறைகிறது. விலைக்கு வாங்கியதற்கும் இதுவே விதி. ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினாலும் முதல் கட்டத்தில் இரண்டு முறை, அடுத்து நான்கு முறை, கடைசியில் எட்டு முறை புதிய சான்றிதழை ஏற்ற வேண்டிவரும். வருடத்துக்கு ஒரு நாள் டெவலப்பரைக் கூப்பிட்டுக் கையால் போட்டுக்கொண்டிருந்த முறை இதற்குத் தாங்காது. லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படுத்தும் ஏசிஎம்இ என்ற தானியங்கி முறையைப் பணம் வாங்கும் நிறுவனங்கள் பலவும் இப்போது தருகின்றன. ஆனால் எல்லாத் திட்டத்திலும் அது சேர்ந்திருக்காது. மறுவிற்பனையாளரிடம் வாங்கும் மலிவுத் திட்டத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டும்.

அதே தீர்மானத்தின்படி, ஒரு முறை செய்த நிறுவனச் சரிபார்ப்பைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய காலமும் 825 நாளிலிருந்து 398 நாளாகச் சுருங்குகிறது. பெயர், முகவரி, போன் அழைப்பு எல்லாம் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி நடக்கும். ஆகவே OV எடுக்கும் கடை, ஜிஎஸ்டி பதிவில் இருக்கும் போன் எண்ணையும் கதவு எண்ணையும் இப்போதே சரி செய்துகொண்டு, அந்த அழைப்பு வரும் என்று கல்லாவில் இருப்பவரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.